ரத்தத் துளியில் இரண்டு வயதுகள்

மருத்துவ மாணவர்களின் தேர்வுத் தாளில் அடிக்கடி தலைகாட்டும் வினாக்கள் இவை. நான்கு வயதுக் குழந்தை. மூன்று வாரமாகக் காய்ச்சல், கால்வலி, வெளிறிய முகம். 34 வயதுப் பெண். பல் துலக்கினால் ஈறிலிருந்து நிற்காத ரத்தம். 42 வயது ஆண். இடது விலாவுக்குக் கீழே கனம், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது. 68 வயதுப் பெரியவர். உடம்புக்கு எதுவுமில்லை, ஆண்டுப் பரிசோதனையில் வெள்ளையணு மட்டும் கூடுதல். ஒவ்வொருவருக்கும் நுண்ணோக்கியில் தெரிந்ததை இரண்டு வரியில் சொல்லிவிட்டு, "நோய் எது?" என்று கேட்பார்கள்.

நான்கு பேர் வீட்டிலும் நோய்க்கு வழங்கப்போகும் பெயர் ஒன்றுதான்: ரத்தப் புற்றுநோய். ஆனால் குழந்தைக்கு இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் கீமோதெரபி தேவைப்படும். அந்தப் பெண்ணுக்கு இன்றிரவே மருந்து தொடங்க வேண்டும். நாளைக்குத் தள்ளினால் மூளைக்குள் ரத்தம் கசிந்து உயிர் போகலாம். 42 வயதுக்காரர் தினமும் மாத்திரை விழுங்கிக்கொண்டு வேலைக்குப் போகலாம். பெரியவருக்கு இப்போதைக்கு மருந்தே வேண்டாம். ஒரே பெயரில் அழைக்கப்படும் இந்த நான்கு நோய்களைப் பிரித்தறியும் வேலை, விரலிலோ முழங்கையிலோ எடுக்கும் ஒரு துளி ரத்தத்தில் தொடங்குகிறது.

ஸ்லைடில் என்ன தெரிகிறது?

ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடின் ஓரத்தில் வைத்து, இன்னொரு ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பில் முன்னே தள்ளுவார்கள். ரத்தம் மெல்லிய படலமாகப் பரவும். காய்ந்ததும் லீஷ்மன் சாயம் ஊற்றுவார்கள். செல்லின் கரு ஊதாவாகவும், அதைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசம் வெளிர்நீலமாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பார்கள். ரிப்போர்ட்டில் 'பெரிஃபெரல் ஸ்மியர்' என்று வருவது இதுதான்.

பார்ப்பவர் முதலில் கேட்டுக்கொள்வது செல்லின் வயதை. வெள்ளையணுக்கள் எலும்பு மஜ்ஜையில் பிறந்து, படிப்படியாக முதிர்ந்த பிறகே ரத்தத்துக்கு வருகின்றன. முதல் படியில் இருக்கும் இளஞ்செல்லுக்கு பிளாஸ்ட் என்று பெயர். அதன் உடலில் பெரும்பகுதியைக் கருவே அடைத்துக்கொண்டிருக்கும். கருவின் இழைகள் மெல்லியதாக, கட்டிகட்டியாகத் திரளாமல் இருக்கும். உள்ளே வெளிறிய புள்ளிகளாக நியூக்ளியோலஸ் தெரியும். முதிர முதிரக் கரு சிறுத்து, இழைகள் திரண்டு அடர்த்தியாகும். நலமாக உள்ள ஒருவரின் ரத்தத்தில் பிளாஸ்ட் தென்படாது.

மஜ்ஜையிலோ ரத்தத்திலோ நூற்றுக்கு இருபது செல்கள் பிளாஸ்ட் என்றால் அது திடீர் வகை, அதாவது அக்யூட் லுகீமியா. செல்கள் முதிராமலே முதல் படியில் நின்றுபோய்ப் பெருகுகின்றன. வேலை செய்யத் தெரியாத அந்தச் செல்கள் மஜ்ஜையை அடைத்துவிடுவதால் சிவப்பணு, தட்டணு, நல்ல வெள்ளையணு மூன்றும் குறைந்துபோகும். வெளிறல், ரத்தக்கசிவு, காய்ச்சல் ஆகிய மூன்றும் சில வாரங்களில் வந்து சேர்வது இதனால்தான். செல்கள் முதிரவும் செய்து, அளவுக்கு மீறிப் பெருகவும் செய்தால் அது நாள்பட்ட வகை. அது ஆண்டுக்கணக்கில் ஓசையில்லாமல் வளரும்.

அடுத்த கேள்வி, செல் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது. நிணநீர்ச் செல்களான லிம்ஃபோசைட்டுகளின் வழியில் வந்தால் லிம்ஃபாய்டு; நியூட்ரோஃபில் போன்றவற்றின் வழியில் வந்தால் மைலாய்டு. இரண்டு கேள்விக்கும் விடை கிடைத்தால் நான்கு அறைகள் உருவாகின்றன: திடீர் லிம்ஃபாய்டு, திடீர் மைலாய்டு, நாள்பட்ட லிம்ஃபாய்டு, நாள்பட்ட மைலாய்டு. அதற்குப் பிறகுதான் நோயாளியின் வயது வந்து, எந்த அறைக் கதவை முதலில் தட்ட வேண்டும் என்று சொல்கிறது.

குழந்தையின் கால்வலி

அந்த நான்கு வயதுக் குழந்தையின் ஸ்லைடில் பிளாஸ்டுகள் நிறைந்திருக்கின்றன. அளவில் சிறியவை, கருவைச் சுற்றி மெல்லிய கோடுபோல மட்டும் சைட்டோபிளாசம், துகள்கள் இல்லை, நியூக்ளியோலஸ் தேடித்தான் பார்க்க வேண்டும். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவதே திடீர் லிம்ஃபாய்டு லுகீமியாதான். இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் அது உச்சத்தில் இருக்கும். செல்லும் வயதும் ஒரே திசையைக் காட்டுவதால் தேர்வுத் தாளில் விடை எளிது.

ஏன் அந்த வயது? பிரிட்டனின் மெல் கிரீவ்ஸும் அவரோடு உழைத்தவர்களும் 1990-களின் இறுதியில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, வடிதாளில் உலர்த்திச் சேமித்த ரத்தப் பொட்டுகள் அங்கே கிடைத்தன. பிற்பாடு லுகீமியா வந்த சில குழந்தைகளின் பழைய பொட்டுகளைச் சோதித்தபோது, புற்றுச்செல்லில் இருந்த அதே மரபணுக் கோளாறு பிறந்த அன்றே இருந்தது தெரிந்தது. ஆக, முதல் கோளாறு கருவறையிலேயே நேரலாம். ஆனால் அது மட்டும் போதாது. பிறந்த பின் இரண்டாவது கோளாறும் சேரும்போதுதான் நோய் வருகிறது. அந்தக் கோளாறு உள்ள பெரும்பாலான குழந்தைகளுக்கு நோய் வருவதே இல்லை. சின்ன வயதில் நோயெதிர்ப்புச் செல்கள் வேகமாகப் பெருகிப் புதுப்புதுக் கிருமிகளைச் சந்திக்கப் பழகும் பருவத்தில் அந்த இரண்டாவது அடி விழுகிறது என்பது கிரீவ்ஸின் விளக்கம்.

நடைமுறையில் இந்த நோய் இரண்டு இடங்களில் ஏமாற்றும். ஒன்று, எண்ணிக்கை. லுகீமியா என்றால் வெள்ளையணு லட்சத்தில் ஏறியிருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஏறத்தாழப் பாதிக் குழந்தைகளுக்கு அது பத்தாயிரத்தைத் தாண்டியிருக்காது. சிலருக்கு வழக்கத்தைவிடக் குறைந்தே இருக்கும். எண்ணும் இயந்திரம் பிளாஸ்டை லிம்ஃபோசைட் கணக்கிலோ மோனோசைட் கணக்கிலோ சேர்த்துவிடக்கூடும். கண்ணால் ஸ்லைடைப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொன்று, மஜ்ஜை நெருக்கத்தால் வரும் எலும்பு வலி. குழந்தை நடக்க மறுக்கிறது, இரவில் கால் வலிக்கிறது என்று அழுகிறது. மூட்டுவாதம் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் வலி மாயமாக மறையும், ஏனென்றால் லிம்ஃபாய்டு பிளாஸ்டை ஸ்டீராய்டு கொல்லும். சில வாரம் எல்லாம் சரியானதுபோல் தோன்றும். ஸ்லைடிலும் மஜ்ஜையிலும் தடயம் அழிந்திருக்கும். நோய் திரும்பும்போது அது எந்த அளவு தீவிரமானது என்று கணக்கிடுவதும் கடினமாகிவிடும். ஆகவே காரணம் தெரியாத மூட்டுவலிக்குக் குழந்தைக்கு ஸ்டீராய்டு தொடங்குமுன் ஒரு ஸ்மியர் பார்ப்பது அவசியம்.

வைரஸ் காய்ச்சலில் தூண்டப்பட்ட லிம்ஃபோசைட்டுகளும் பெரிதாகி பிளாஸ்ட் போல மயக்கும். அனுபவமுள்ள கண் ஒரு வேறுபாட்டைப் பிடிக்கும். தூண்டப்பட்ட செல்கள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது; சைட்டோபிளாசம் தாராளமாக விரிந்து, பக்கத்துச் சிவப்பணுவை அணைத்தபடி வளைந்திருக்கும். பிளாஸ்டுகள் ஒரே அச்சில் வார்த்தவைபோல ஒரே தோற்றத்தில் இருக்கும். அப்போதும் பிளாஸ்டின் முகத்தை மட்டும் பார்த்துக் குடும்பத்தை உறுதி செய்துவிட முடியாது. செல்லின் மேலும் உள்ளும் இருக்கும் புரதங்களை ஒளிக்கற்றையால் அடையாளம் காணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனைதான் லிம்ஃபாய்டா மைலாய்டா என்று தீர்த்துச் சொல்லும்.

டெங்கு என்று நினைத்த நாள்

இப்போது 34 வயதுப் பெண்ணின் வினாவை விரித்துப் பார்ப்போம். ஸ்மியர் ஒரு உயிரைக் காப்பாற்றக்கூடிய இடம் இது. மழைக்காலம் என்று வைத்துக்கொள்வோம். பத்து நாளாக ஈறில் ரத்தம், தொடையில் காரணமில்லாத நீலத் திட்டுகள், மாதவிடாயில் வழக்கத்தை மீறிய போக்கு. ஹீமோகுளோபின் 7.4. வெள்ளையணு 2,100. தட்டணு 14,000. வெள்ளையணுவும் தட்டணுவும் இறங்கியிருப்பதைப் பார்த்ததும் தமிழ்நாட்டில் எவருக்கும் முதலில் டெங்குதான் நினைவுக்கு வரும்.

ஆனால் மூன்று விஷயங்கள் அதோடு ஒத்துப்போகவில்லை. கடும் காய்ச்சல் இருந்ததில்லை. டெங்குவில் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிவதால் ரத்தம் கெட்டிப்பட்டு ஹீமோகுளோபின் உயரவே பார்க்கும். இங்கே அது சரிந்திருக்கிறது. தட்டணு குறைந்ததோடு நிற்காமல் ரத்தம் உறையும் நேரமும் நீண்டிருக்கிறது. ரத்தத்தை உறைய வைக்கும் ஃபைப்ரினோஜன் டெசிலிட்டருக்கு 200 முதல் 400 மில்லிகிராம் இருக்க வேண்டிய இடத்தில் 90 மட்டுமே.

வெள்ளையணு இவ்வளவு குறைவாக இருக்கும்போது ஸ்லைடின் நடுப்பகுதியை மேலோட்டமாகப் பார்த்தால் எதுவும் சிக்காது. பெரிய செல்கள் படலத்தின் ஓரங்களுக்கும் மெலிந்த வால்முனைக்கும் தள்ளப்படும். அங்கே தேடியபோது சில செல்கள் அகப்பட்டன. கரு இரண்டாக மடிந்து இடை சிறுத்திருக்கிறது. சைட்டோபிளாசம் முழுக்க அடர்ந்த செவ்வூதாத் துகள்கள். அவற்றின் நடுவே ஊசிபோன்ற சிவந்த குச்சிகள், விறகைக் கட்டிப் போட்டதுபோல ஒரே செல்லில் கற்றையாக.

அந்தக் குச்சிக்கு அவர் தண்டு என்று பெயர். 1906-இல் அதைப் பற்றி எழுதிய அமெரிக்க மருத்துவர் ஜான் அவரின் நினைவாக அமைந்தது. ஒரு பிளாஸ்டில் ஒற்றை அவர் தண்டு தெரிந்தாலே அது மைலாய்டு புற்றுச்செல் என்று சொல்லிவிடலாம். லிம்ஃபாய்டு பிளாஸ்டில் அது இருக்காது. கற்றை கற்றையாக இருந்தால் மைலாய்டு லுகீமியாவிலேயே ஒரு தனி வகை: அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகீமியா. செல் பிளாஸ்டுக்கு அடுத்த படியான புரோமைலோசைட்டில் நின்றுபோயிருக்கிறது.

வயதும் இங்கே கூடவே பேசுகிறது. திடீர் மைலாய்டு லுகீமியா பொதுவாக அறுபதைத் தாண்டியவர்களின் நோய். பல பத்தாண்டுகளாக மஜ்ஜைச் செல்களில் சேர்ந்துவரும் மரபணுப் பிழைகள் அதற்கு வழிவகுக்கின்றன. இந்த வகை மட்டும் இளைஞர்களையும் நடுவயதினரையும் தேடி வரும். 15-ஆம் குரோமோசோமும் 17-ஆம் குரோமோசோமும் துண்டுகளை இடம் மாற்றிக்கொண்டு ஓர் ஒட்டு மரபணுவை உருவாக்கிவிடுகின்றன. அந்த ஒட்டு, செல் முதிர்வதற்கான கட்டளைகளைப் பூட்டிவிடுகிறது.

நோயின் உண்மையான அபாயம் ரத்தக்கசிவு. அந்தத் துகள் நிறைந்த செல்கள் ரத்தத்தை ஆங்காங்கே உறையத் தூண்டும் பொருள்களையும், உறைந்ததைக் கரைக்கும் பொருள்களையும் சேர்ந்தே வெளிப்படுத்துகின்றன. உறைவிக்கும் சரக்கு தீர்ந்துபோய், மூளையிலோ நுரையீரலிலோ ரத்தம் கசிகிறது. இந்த நோயில் இறப்பவர்களில் பலர் முதல் சில நாட்களிலேயே, புற்றுநோய் சிகிச்சை வேலை செய்யத் தொடங்குமுன், ரத்தக்கசிவால் இறந்துவிடுகிறார்கள்.

எனவே ஸ்லைடைப் பார்த்தவர் ரிப்போர்ட் டைப் ஆகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே போன் எடுத்து வார்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வார்டில் அன்றிரவே வைட்டமின் ஏ-யிலிருந்து வந்த ஆல்-டிரான்ஸ் ரெட்டினாயிக் அமிலம் வாய்வழியே தொடங்கும். சுருக்கமாக அட்ரா என்பார்கள். உடல் பரப்பளவில் சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 45 மில்லிகிராம், இரண்டு வேளையாகப் பிரித்து. மரபணுச் சோதனையின் முடிவு வருமுன்னரே இதைத் தொடங்குவதுதான் உலகெங்கும் பின்பற்றப்படும் முறை. முடிவு வேறாக வந்தால் மருந்தை நிறுத்திவிடலாம். ஒன்றிரண்டு நாள் கொடுத்ததால் பெரிய தீங்கில்லை. காத்திருப்பதால் வரும் தீங்குக்குத் திருத்தம் கிடையாது. கூடவே தட்டணு 30,000-க்கும் 50,000-க்கும் இடைப்பட்ட அளவுக்குக் கீழே போகாமல் ஏற்றுவார்கள். ஃபைப்ரினோஜனை 100 முதல் 150-க்கு மேல் வைத்திருக்க கிரயோபிரெசிபிடேட் கொடுப்பார்கள். முதுகில் ஊசி குத்துவது, கழுத்து நரம்பில் குழாய் வைப்பது போன்றவற்றைத் தவிர்ப்பார்கள்.

மற்ற மருந்துகளைப் போல அட்ரா செல்லைக் கொன்று வேலை செய்வதில்லை. ஒட்டு மரபணு போட்ட பூட்டைத் திறந்து, நின்றுபோன செல்லை முதிர வைக்கிறது. ஷாங்காயைச் சேர்ந்த வாங் ஜென்யி 1985-இல் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு முதலில் இதைக் கொடுத்தார், அவள் பிழைத்தாள். சீனாவின் ஹார்பின் நகரில் ஜாங் டிங்டாங் பாரம்பரிய மருந்திலிருந்து பிரித்துப் பயன்படுத்திய ஆர்சனிக் ட்ரையாக்சைடு அடுத்த துணையாக வந்தது. அதைத் தனி மருந்தாக மட்டுமே கொடுத்தாலும் பலன் நீடிக்கிறது என்பதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் விக்ரம் மேத்யூஸ் குழுவினர் 72 நோயாளிகளைக் கொண்டு 2006-இல் வெளியிட்டார்கள். விலையுயர்ந்த சிகிச்சையைத் தாங்க முடியாத ஒரு நாட்டுக்கு அது பெரிய வாசல். இன்று வெள்ளையணு பத்தாயிரத்துக்குள் இருக்கும்போதே பிடிபட்டு அட்ராவும் ஆர்சனிக்கும் பெறுபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமடைகிறார்கள்.

சிகிச்சையிலும் ஒரு கண்ணி உண்டு. செல்கள் கூட்டமாக முதிரும்போது காய்ச்சல், மூச்சுத்திணறல், உடல் வீக்கம், திடீர் எடைக்கூடுதல் வரலாம். கிருமித்தொற்று என்று எண்ணி நேரத்தை வீணாக்காமல் டெக்ஸாமெதசோன் கொடுக்க வேண்டும். ஸ்லைடிலும் ஒரு கண்ணி உண்டு. இந்த நோயின் ஒரு துணை வகையில் துகள்கள் மிக நுண்ணியவை, சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது. வெள்ளையணுவும் அதிகமாக இருக்கும். மோனோசைட் குடும்பம் என்று தவறிவிடலாம். அங்கே கைகொடுப்பது இரண்டாக மடிந்த கருவின் வடிவமும், உறையாத ரத்தமும்தான்.

எல்லாப் படிகளும் ஒரே ஸ்லைடில்

42 வயதுக்காரரின் வெள்ளையணு 1,80,000. இடது விலாவுக்குக் கீழே கனப்பது வீங்கிய மண்ணீரல். ஸ்லைடில் பிளாஸ்ட் மிகச் சில. ஆனால் மைலோசைட், மெட்டாமைலோசைட், முதிர்ந்த நியூட்ரோஃபில் என்று மைலாய்டு குடும்பத்தின் எல்லாப் படிகளும் ஒருங்கே தெரிகின்றன. கடுமையான கிருமித்தொற்றிலும் இளஞ்செல்கள் ரத்தத்துக்கு வரும். வேறுபாட்டைக் காட்டிக்கொடுப்பது பேசோஃபில் என்ற, கருநீலத் துகள் நிறைந்த செல். வழக்கமாக நூற்றில் ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். இங்கே அது எளிதில் கண்ணில் படும் அளவுக்குக் கூடியிருக்கும். தொற்றில் அப்படிக் கூடாது.

இது நாள்பட்ட மைலாய்டு லுகீமியா. மேலைநாடுகளில் இது அறுபதை ஒட்டியவர்களிடம் அதிகம். இந்தியாவில் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருப்பவர்களை நாம் பார்க்கிறோம். வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தின் வயதை அப்படியே மனப்பாடம் செய்தவர் இங்கே தடுமாறுவார். உறுதி செய்வது 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்களின் இடமாற்றம். பீட்டர் நோவெலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் 1960-இல் ஃபிலடெல்ஃபியாவில் கண்ட சின்னக் குரோமோசோம் அதன் தடம். அது இடமாற்றத்தால் வந்தது என்று 1973-இல் காட்டியவர் ஜேனட் ரௌலி. அந்த ஒட்டு மரபணு தயாரிக்கும் புரதத்தை அடைக்கும் இமாடினிப் மாத்திரை 2001-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நாளுக்கு 400 மில்லிகிராம் என்ற அளவில் தொடங்கி, முறையாகச் சாப்பிடுபவர்களில் பெரும்பாலோர் ஏறக்குறைய இயல்பான ஆயுளை வாழ்கிறார்கள். இங்கே தவறு நேர்வது பெரும்பாலும் மாத்திரையை விடுவதில். உடம்பு நன்றாக இருக்கிறது என்று சொந்த முடிவில் நிறுத்துபவர்களுக்கு நோய் திடீர் வகையாக மாறிவிடக்கூடும்.

68 வயதுப் பெரியவரின் ஸ்லைடு வேறு மாதிரி. வெள்ளையணு 38,000, அதில் பெரும்பகுதி சிறிய, முதிர்ந்த, திரண்ட கருவுள்ள லிம்ஃபோசைட்டுகள். இடையிடையே உருத்தெரியாமல் நசுங்கிக் கறைபோல் பரவிய கருக்கள். ஸ்மட்ஜ் செல் என்பார்கள். இந்தச் செல்களின் உடல் பலவீனமானது. ஸ்லைடை இழுக்கும் விசைக்கே உடைந்துவிடுகிறது. ரத்தத்தில் ஒரு சொட்டு ஆல்புமின் கலந்து மறுபடி இழுத்தால் உடையாமல் முழுசாக வரும். இந்தத் தோற்றமும் இந்த வயதும் நாள்பட்ட லிம்ஃபோசைட்டிக் லுகீமியாவைக் காட்டுகின்றன. அது குழந்தைகளுக்கு வருவதில்லை. ஒரே மூலத்திலிருந்து வந்த பி லிம்ஃபோசைட்டுகள் மைக்ரோலிட்டருக்கு 5,000-க்கு மேல் மூன்று மாதமாவது நீடித்தால் நோய் உறுதி.

புற்றுநோய் என்று சொல்லிவிட்டு மருந்து தராமல் அனுப்புகிறார்களே என்று குடும்பம் பதறும். அந்தப் பதற்றம் நியாயமானது. அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியது மருத்துவரின் கடமை. அறிகுறி இல்லாத நிலையில் முன்கூட்டியே சிகிச்சை தொடங்கியவர்கள், காத்திருந்து தொடங்கியவர்களைவிட நீண்ட நாள் வாழவில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஹீமோகுளோபினோ தட்டணுவோ சரிந்தால், எடை குறைந்தால், இரவில் உடை நனைய வியர்த்தால், நெறி வேகமாகப் பெருத்தால் சிகிச்சை தொடங்கும். அதுவரை சில மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனை.

ஸ்லைடு பேசாத நோய்

இதுவரை சொன்னவை ரத்தத்தில் மிதக்கும் புற்றுகள். லிம்ஃபோமா அப்படியல்ல, அது நிணநீர் முடிச்சுகளில் குடியிருக்கும். 24 வயது இளைஞர். கழுத்தில் இரண்டு மாதமாக நெறி கட்டியிருக்கிறது. வலியில்லை, தொட்டால் ரப்பர் போல இருக்கிறது. மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை. ரத்த ஸ்மியரில் சொல்லும்படி ஒன்றுமில்லை. ஸ்மியர் சுத்தமாக இருக்கிறது என்று ஆறுதல் அடைவது இங்கே தவறு.

இதே அறிகுறிகள் காசநோய்க்கும் உண்டு. நம் நாட்டில் காசநோயே அதிகம் என்பதால் முதலில் அதை நினைப்பதும் சரிதான். ஊசியால் உறிஞ்சிப் பார்க்கும் சோதனையில் கிரானுலோமா என்ற அழற்சித் திரள் தெரிந்தால் காசநோய் மருந்து தொடங்கிவிடுவார்கள். ஆனால் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவிலும் கிரானுலோமா வரலாம். அந்த நோயின் அடையாளமான ரீட்–ஸ்டெர்ன்பெர்க் செல், இரண்டு பெரிய கருக்களும் ஒவ்வொன்றிலும் தடித்த நியூக்ளியோலஸும் கொண்டது. கட்டியில் அது மிகச் சிறு பங்குதான். மீதியெல்லாம் அதைச் சூழ்ந்த சாதாரண அழற்சிச் செல்கள். ஊசி முனையில் அது சிக்காமல் போவது இயல்பு. முடிச்சை முழுதாக எடுத்துப் பயாப்சி செய்து, புரதச் சாயங்கள் இட்டுப் பார்த்தால்தான் தெரியும். காசநோய் மருந்து இரண்டு மாதம் சாப்பிட்டும் நெறி சுருங்கவில்லை, அல்லது வளர்கிறது என்றால், மருந்தைத் தொடர்வதற்கு முன் அந்தப் பயாப்சியைக் கேட்டு வாங்க வேண்டும். முதல் நாள் மாதிரியிலேயே காசநோய்க் கிருமியைத் தேடி உறுதி செய்திருந்தால் இந்தக் குழப்பமே வராது.

வயது இங்கேயும் துணை நிற்கிறது. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவுக்கு இரண்டு உச்சங்கள்: 15 முதல் 35 வரை, பிறகு 55-க்கு மேல். இந்தியா போன்ற நாடுகளில் குழந்தைப் பருவத்திலும் அது தென்படுகிறது. இளைஞர்களில் பெரும்பாலோருக்குக் குணமாகும் நோய் இது. அதனால்தான் தவறான மருந்தில் கழியும் மாதங்கள் அவ்வளவு வேதனை தருகின்றன.

வயதை எவ்வளவு நம்புவது?

தேர்வுத் தாளில் வயதைப் பார்த்தே பாதி விடையை எழுதிவிடலாம். ஆஸ்பத்திரியில் அப்படி முடியாது. திடீர் லிம்ஃபாய்டு லுகீமியா குழந்தைகளோடு நின்றுவிடுவதில்லை. ஐம்பதைத் தாண்டியவர்களிடம் மறுபடி தலைதூக்குகிறது, அவர்களிடம் குணப்படுத்துவதும் கடினம். திடீர் மைலாய்டு லுகீமியா கைக்குழந்தைக்கும் வரலாம். வயது சந்தேகங்களை வரிசைப்படுத்தும். செல்லின் தோற்றம் அந்த வரிசையைத் திருத்தும். தீர்ப்பு எழுதுவது புரதச் சோதனையும் மரபணுச் சோதனையும். இவற்றில் ஒன்று மற்றவற்றோடு முரண்பட்டால் முரண்பாட்டை மூடி மறைக்காமல் மறுபடி ஸ்லைடுக்குத் திரும்ப வேண்டும்.

வீட்டில் உள்ளவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், வெள்ளையணு, தட்டணு மூன்றில் இரண்டு ஒரே நேரத்தில் மாறியிருந்தால், "பெரிஃபெரல் ஸ்மியரை ஒரு டாக்டர் கண்ணால் பார்த்தாரா?" என்று கேளுங்கள். இயந்திரம் அச்சிட்ட எண்கள் மட்டும் போதாது. ரிப்போர்ட்டில் 'பிளாஸ்ட்' என்ற சொல் இருந்தால் அன்றைக்கே ரத்தநோய் மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 'புரோமைலோசைட்' அதிகம் என்று எழுதி, உடம்பில் எங்காவது ரத்தமும் கசிந்தால், விடியும்வரை கூடக் காத்திருக்காமல் கிளம்புங்கள். பழைய ரிப்போர்ட்டுகளோடு அந்த ஸ்லைடையும் லேபில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த மருத்துவர் முதலில் பார்க்க விரும்புவது அதைத்தான்.